அடுத்த ஆயிரம் ரூபாயை எங்கே போடுவது?

சிறிய வியாபாரம் ஒன்று மாதம் 30,000 ரூபாயை விளம்பரத்துக்கு ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று வழிகள் இருக்கின்றன: கூகுளில் தேடுபவர்கள் கண்ணில் படும் தேடல் விளம்பரம், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் விளம்பரம், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல். தலைக்குப் பத்தாயிரம் என்று பிரித்துவிடலாமா? அல்லது யாரோ சொன்ன 50-30-20 என்ற கணக்கில் பிரிக்கலாமா?

இரண்டுமே சரிவராது. இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தேடல் விளம்பரம், வாங்கும் முடிவோடு வருபவரைக் கடைக்குள் அழைத்து வருகிறது. சமூக ஊடக விளம்பரம், அந்த எண்ணமே இல்லாமல் இருப்பவருக்கு ஆசையை உண்டாக்குகிறது. மின்னஞ்சல், வந்தவரைத் திரும்ப வரவைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லை வரை போடும் பணம் வேலை செய்யும். தாண்டிப் போடுவது கரையும். ஆகவே எத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட, அடுத்த ஆயிரம் ரூபாயை எதில் போட்டால் அதிகம் திரும்பும் என்று மாதாமாதம் கேட்பதுதான் வழி.

இதை ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்குப் பேர்போன காங்கேயத்தில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் தன் இணையதளம் வழியாகக் கூரியரில் அனுப்புகிறது. கடையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்குப் போடும் முறை எந்தக் கடைக்கும் பொருந்தும்.

முதலில் ஓர் ஆர்டரின் கணக்கு

விளம்பரத் தளத்தைத் திறப்பதற்கு முன் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாக வேண்டும்: ஒரு புது வாடிக்கையாளரைக் கொண்டுவர அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம்?

நம் கடையில் சராசரி ஆர்டர் 1,200 ரூபாய். அதில் கடலை, எள், கொப்பரை, ஆட்டுக்கூலி, பாட்டில், அட்டைப்பெட்டி, கூரியர், பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம், வரி எல்லாம் போக 350 ரூபாய் நிற்கிறது. அந்த ஒரு ஆர்டரை மட்டும் பார்த்தால், 350 ரூபாய்க்கு மேல் விளம்பரச் செலவானால் நஷ்டம்.

ஆனால் எண்ணெய் ஒரு தடவை வாங்கி விட்டுவிடும் பொருள் அல்ல. புதிதாக வந்த பத்துப் பேரில் நான்கு பேர் நிலைத்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதால் அவர்கள் அந்த ஆண்டுக்குள் மேலும் ஐந்து ஆர்டர் தருகிறார்கள் என்று கடையின் பழைய பில்கள் காட்டுகின்றன. அப்படியானால் பத்துப் பேர் ஓராண்டில் தருவது முதல் ஆர்டர் 10, திரும்ப வரும் ஆர்டர் 20, ஆக மொத்தம் 30. ஆர்டருக்கு 350 ரூபாய் என்றால் 10,500 ரூபாய். ஒருவருக்கு 1,050 ரூபாய்.

இந்த 1,050-ஐயும் விளம்பரத்துக்குக் கொடுத்துவிட முடியாது. கடை வாடகை, ஆள் சம்பளம், முதலாளியின் வீட்டுச் செலவு எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். தவிர, விளம்பரக் காசு இன்று போகிறது. லாபம் பன்னிரண்டு மாதத்தில் சிறுகச் சிறுக வருகிறது. ஆகவே பாதியளவில், ஒரு புது வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் என்று வரம்பு வைத்துக்கொள்வோம். இனி எல்லா முடிவும் இந்த 500-ஐ வைத்துத்தான்.

கூகுளும் மெட்டாவும் விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்குகின்றன. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடை அதை உள்ளீட்டு வரியாகக் கணக்கில் காட்டலாம் என்றாலும், கையிலிருந்து பணம் முதலில் போகத்தான் செய்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் தொகைகள் எல்லாம் வரி உட்பட்டவை.

மின்னஞ்சல்: பட்டியல் எவ்வளவோ அவ்வளவுதான் செலவு

மூன்றில் மிகவும் மலிவானது மின்னஞ்சல். ஆகவே அதிலிருந்து தொடங்குவோம். இதுவரை வாங்கியவர்களில் 1,800 பேரின் மின்னஞ்சல் முகவரி கடையிடம் இருக்கிறது. அவர்களுக்கு ஒழுங்காக அஞ்சல் அனுப்பித் தரும் சேவைக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,800 பேருக்கு இதுவே போதும். இதில் பத்தாயிரம் ரூபாயைப் போட்டாலும் பட்டியல் நீளாது. மின்னஞ்சல் புதியவர்களைத் தேடிப் போகாது. அதன் எல்லை பட்டியலின் நீளம்தான்.

வாட்ஸ்ஆப் இருக்கும்போது மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். வாட்ஸ்ஆப்பை எல்லோரும் பார்ப்பது உண்மைதான். ஆனால் வியாபாரங்களுக்கான அதன் தளத்தில் மொத்தமாக அனுப்பும் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. மின்னஞ்சலில் ஒரு கடிதம் கூடுதலாக அனுப்புவதற்கு ஏறக்குறைய செலவே இல்லை. இணையத்தில் ஆர்டர் போடுபவர் ரசீதுக்காக எப்படியும் முகவரியைத் தருகிறார்.

அனுப்ப வேண்டியவை நிறைய இல்லை. முதல் ஆர்டர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வரவேற்புக் கடிதம்: எண்ணெயை எப்படி வைத்துக்கொள்வது, அடியில் வண்டல் தங்குவது ஏன் என்பது போன்ற செய்திகளோடு. கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனவருக்கு மறுநாள் ஒரு நினைவூட்டல். முக்கியமானது மூன்றாவது: வாங்கி 45 நாள் ஆனதும், எண்ணெய் தீரப் போகும் நேரத்தில், முன்பு வாங்கிய அதே பொருள்களைக் குறிப்பிட்டு ஒரு கடிதம். இந்த மூன்றையும் ஒருமுறை அமைத்துவிட்டால் தானாகவே போய்க்கொண்டிருக்கும். இவற்றோடு மாதத்துக்கு ஒரு பொதுக் கடிதம் போதும்.

அதற்குமேல் ஆசைப்பட்டால் தொல்லை தொடங்கும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள், ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்புபவர்களுக்கான விதிகளை இறுக்கியிருக்கிறது. வந்த கடிதத்தை ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது. கேட்கச் சிறிய எண். 1,800 பேருக்கு அனுப்பும்போது ஆறு பேர் புகார் பொத்தானை அழுத்தினாலே 0.3-ஐத் தாண்டிவிடும். அதன் பிறகு ஆசையோடு காத்திருப்பவருக்கும் கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கலாம். ஆகவே விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல் வேண்டவே வேண்டாம். கடையின் சொந்த இணைய முகவரியிலிருந்து, SPF, DKIM என்ற இரண்டு அடையாளச் சான்றுகளையும் பதிந்துவிட்டு அனுப்ப வேண்டும். விலகிக்கொள்ளும் இணைப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். விலக வழி தெரியாதவர்தான் புகார் பொத்தானைத் தேடுகிறார்.

எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று அஞ்சல் சேவை காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. 2021-லிருந்து ஆப்பிளின் அஞ்சல் செயலி, படிப்பவர் திறக்கும் முன்பே படங்களை இறக்கி வைத்துக்கொள்வதால், திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறக்கூடும். வந்த ஆர்டரை மட்டும் எண்ணுவோம்.

தேடல் விளம்பரம்: தேடுபவர் தீர்ந்த பிறகு

ஒருவர் கூகுளில் `chekku oil online` என்றோ `wood pressed groundnut oil 5 litre` என்றோ தட்டும்போது அவர் ஏற்கெனவே பாதி வாடிக்கையாளர். அந்த நேரத்தில் நம் கடை மேலே தெரிய வேண்டும். யார் மேலே வருவது என்பதை ஒவ்வொரு தேடலுக்கும் நடக்கும் ஏலம் தீர்மானிக்கிறது. தரத் தயாராக இருக்கும் தொகையோடு, விளம்பரமும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கமும் தேடியவருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதையும் கூகுள் பார்க்கிறது. கடலை எண்ணெய் தேடியவரை முகப்புப் பக்கத்தில் விடாமல் நேராகக் கடலை எண்ணெய்ப் பக்கத்தில் விட்டால், குறைந்த ஏலத் தொகையிலும் நல்ல இடம் கிடைக்கலாம்.

முதல் மாதம் இதற்கு 10,000 ரூபாய். வரியைக் கழித்தால் ஏறக்குறைய 8,475. கூகுள் ஒரு மாதத்தை 30.4 நாளாகக் கணக்கிடுவதால் தினசரித் தொகையாக 280 ரூபாய் என்று பதிய வேண்டும். ஒரு நாளில் 400, 500 என்று போனால் பயப்பட வேண்டாம். தேடல் அதிகமுள்ள நாளில் தினசரித் தொகையின் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கும். மாத மொத்தம் மட்டும் 30.4 மடங்கைத் தாண்டாது.

சிறிய தொகை கரைவது பெரும்பாலும் அமைப்புப் பக்கத்தில்தான். தேடல் விளம்பரம் என்று நாம் தேர்ந்தெடுத்தாலும், பிற இணையதளங்களில் பட விளம்பரமாகவும் காட்டும் விருப்பம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டு இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். தமிழ்நாடு என்று இடத்தைக் குறித்தாலும், தமிழ்நாட்டில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களும் அதில் அடக்கம். அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால்தான் கூரியர் போகும் ஊர்களுக்குள் விளம்பரம் நிற்கும்.

அடுத்தது வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. மக்கள் உண்மையில் என்ன தட்டியபோது நம் விளம்பரம் காட்டப்பட்டது என்ற பட்டியலைக் கூகுள் தருகிறது. அதைத் திறந்து பார்த்தால் `chekku oil machine price` என்று செக்கு இயந்திரம் தேடியவர் இருப்பார். எண்ணெயின் நன்மைகளைப் படிக்க வந்தவர், முகவர் உரிமை கேட்பவர், வேலை தேடுபவர் எல்லோரும் இருப்பார்கள். ஒவ்வொருவரின் கிளிக்குக்கும் நாம் காசு கட்டியிருப்போம். `machine`, `benefits`, `franchise`, `jobs` போன்ற சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்த்தால் அந்தக் கசிவு நிற்கும்.

கிளிக்குக்கு 12 ரூபாய், நூறு கிளிக்குக்கு மூன்று ஆர்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் மாதம் 10,000 ரூபாய்க்கு 25 ஆர்டர் வருகிறது. ஆர்டருக்கு 400 ரூபாய். நம் வரம்பான 500-க்குள் இருக்கிறது. உற்சாகத்தில் அடுத்த மாதம் 15,000 போடுகிறோம். 31 ஆர்டர் வருகிறது. திரையில் தெரியும் சராசரி 484 ரூபாய். இதுவும் வரம்புக்குள்தானே என்று தோன்றும்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். கூடுதலாகப் போட்ட 5,000 ரூபாய் கொண்டுவந்தது ஆறே ஆர்டர். ஒவ்வொன்றுக்கும் 833 ரூபாய். முதல் பத்தாயிரம் ஈட்டிய நல்ல பெயருக்குள் கடைசி ஐயாயிரத்தின் நஷ்டம் ஒளிந்துகொள்கிறது. சராசரியை மட்டும் பார்த்து விளம்பரத் தொகையை ஏற்றுபவர்கள் இந்த நஷ்டத்தைக் கடைசிவரை காண்பதில்லை.

காரணம் எளிது. மரச்செக்கு எண்ணெயை வாங்க வேண்டும் என்று ஒரு மாதத்தில் தேடுபவர்கள் இத்தனை பேர்தான். அவர்களில் பெரும்பாலோரை முதல் பத்தாயிரமே எட்டிவிட்டது. மேலும் பணம் கொடுத்தால் கூகுள் அதே பக்கத்தில் இன்னும் மேலான இடத்துக்குக் கூடுதல் விலை கேட்கும். அல்லது தொடர்பு குறைந்த தேடல்களுக்கு விளம்பரத்தை இழுத்துக்கொண்டு போகும். எல்லை வந்துவிட்டதா என்று பார்க்க ஓர் எண் உண்டு. `Search lost IS (budget)` என்ற அந்தப் பத்தி, காசு போதாததால் எத்தனை சதவீதத் தேடல்களில் நம் விளம்பரம் தெரியாமல் போனது என்பதைச் சொல்லும். அது 40 என்றால் பணத்தை ஏற்றலாம். பூஜ்யத்தை நெருங்கிவிட்டால், இன்னும் வாங்க அங்கே ஆள் இல்லை.

கடையின் சொந்தப் பெயரைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டுவது இன்னொரு மயக்கம். பெயர் தெரிந்து தேடுபவர் எப்படியும் வருவார். ஈபே நிறுவனம் 2012-ல் யாகூ, எம்.எஸ்.என். தேடல்களில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், அடுத்து இருந்த இலவசத் தேடல் முடிவு வழியாக வந்து சேர்ந்தன. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் ஆகிய பொருளியலாளர்கள் எழுதிய அந்த ஆய்வு 2015-ல் எகானமெட்ரிகா இதழில் வெளியானது. ஈபே உலகறிந்த பெயர். காங்கேயத்துக் கடை அப்படி இல்லை. போட்டிக் கடை நம் பெயருக்கு விளம்பரம் கொடுத்து மேலே உட்கார்ந்திருந்தால் நிலைமை மாறும். அதனால் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, பெயர் தேடி வரும் ஆர்டர் குறைகிறதா என்று எண்ணுவதே உறுதியான வழி. எப்படியானாலும் பெயர்த் தேடலில் வந்த ஆர்டரை மற்றவற்றோடு கலந்து சராசரி எடுக்கக்கூடாது. மேலே சொன்ன 25-ம் 31-ம் பெயர்த் தேடலைச் சேர்க்காத எண்கள்.

சமூக ஊடகம்: பணத்தோடு படமும் வேண்டும்

தேடுபவர்கள் தீர்ந்த இடத்தில்தான் இன்ஸ்டாகிராமின் வேலை தொடங்குகிறது. செக்கிலிருந்து எண்ணெய் இறங்குவதைப் பார்க்கும்வரை அதை வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் ஏராளம். ஆகவே இங்கே ஆள் பற்றாக்குறை கிடையாது. எல்லையாக நிற்பது காணொளி. ஒரே காணொளியை அதே ஊர்க்காரர்களுக்கு மாதக்கணக்கில் காட்டினால் அவர்கள் கை தானாகவே தள்ளிவிடும். ஒருவர் சராசரியாக எத்தனை தடவை பார்த்திருக்கிறார் என்ற எண் ஏறிக்கொண்டே போய், ஆர்டருக்கான செலவும் கூடவே ஏறினால் அந்தக் காணொளி ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

நம் கடை மாதம் 12,000 ரூபாயை விளம்பரத்துக்கும், 3,000 ரூபாயைக் காணொளி எடுக்கவும் வைக்கிறது. அந்த மூவாயிரத்தையும் விளம்பரத்திலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பழைய படத்தைக் கூடுதல் பேருக்குக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. நல்ல வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்த மூன்று சிறு காணொளிகள் போதும்: ஒன்றில் ஆட்டும் முறை, ஒன்றில் விலை ஏன் கூடுதல் என்ற விளக்கம், ஒன்றில் வாங்கியவர் வீட்டுச் சமையல்.

சிறிய தொகைக்காரர்கள் இங்கே அடிக்கடி செய்யும் தவறு, பணத்தைத் துண்டு துண்டாக்குவது. பெண்களுக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று ஐந்து விளம்பரத் தொகுப்புகளை நாளுக்கு 80 ரூபாயில் ஓட்டுவார்கள். மெட்டாவின் அமைப்பு, யார் வாங்குவார்கள் என்பதை நடந்த விற்பனைகளிலிருந்து கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்கும் கட்டம் முடிய ஒரு தொகுப்புக்கு வாரத்தில் ஏறக்குறைய 50 விற்பனை வேண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. நம் தொகையில் வாரம் எட்டு வருவதே பெரிது. அதை ஐந்தாகப் பிரித்தால் எதுவுமே கற்காது. ஒரே தொகுப்பு, அதற்குள் மூன்று காணொளிகள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். விற்பனை மிகவும் குறைவாக இருந்தால், பொருளைக் கூடையில் போடுபவர்களைத் தேடிக் கொடு என்று இலக்கை ஒரு படி முன்னால் வைக்கலாம். அது அதிகம் நடப்பதால் அமைப்புக்குக் கற்க விஷயம் கிடைக்கும்.

பழைய வாடிக்கையாளர்களின் பட்டியலை ஏற்றி, அவர்களுக்கு இந்த விளம்பரத்தைக் காட்டாதே என்று விலக்குவது அதைவிட முக்கியம். விலக்காவிட்டால் மெட்டாவின் அமைப்பு எளிதாக வாங்கக்கூடியவர்களைத் தேடிப் போகும். அவர்கள் நம் பழைய வாடிக்கையாளர்களாகவே இருப்பார்கள். மின்னஞ்சலில் காசில்லாமல் வந்திருக்க வேண்டிய ஆர்டருக்கு இங்கே 400, 500 கொடுத்துக்கொண்டிருப்போம்.

மூன்று பேரும் உரிமை கொண்டாடும் ஒரே ஆர்டர்

ஈரோட்டில் ஒருவர் திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் காணொளியைப் பார்த்துத் தொடுகிறார், வாங்கவில்லை. புதன்கிழமை கூகுளில் தேடி, விளம்பரத்தைத் தொட்டுக் கூடையில் போடுகிறார். வியாழக்கிழமை நினைவூட்டல் மின்னஞ்சல் வந்ததும் பணம் கட்டுகிறார். ஆர்டர் ஒன்றுதான். ஆனால் கூகுள் தனக்கு ஒன்று என்று எழுதும். அஞ்சல் சேவை தனக்கு ஒன்று என்று எழுதும். மெட்டாவும் எழுதிக்கொள்ளும், வேறெதுவும் மாற்றாவிட்டால், தொட்டு ஏழு நாளுக்குள் வாங்கியவரையும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் அது தன் கணக்கில் சேர்க்கிறது. மூன்று திரைகளையும் கூட்டினால், கடையில் நடக்காத விற்பனையும் அதில் இருக்கும்.

இதற்கு மாற்று, கடையின் சொந்த ஆர்டர் புத்தகம். ஓர் இடத்தில் விளம்பரம் ஓட்டி, அதுபோன்ற இன்னோர் இடத்தில் ஓட்டாமல், இரண்டிலும் வந்த மொத்த ஆர்டரை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் மாதம் நம் கடை கோவை, திருப்பூர், ஈரோடு பகுதியில் மட்டும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை ஓட்டுகிறது. திருச்சி, மதுரை பகுதியில் ஓட்டவில்லை. கூகுளும் மின்னஞ்சலும் இரண்டு பகுதியிலும் ஒரே மாதிரி நடக்கின்றன.

வழக்கமாகக் கொங்குப் பகுதியில் மாதம் 40 ஆர்டரும், திருச்சி–மதுரையில் 42 ஆர்டரும் வரும். விளம்பர மாதத்தில் கொங்கில் 64, திருச்சி–மதுரையில் 44. விளம்பரம் இல்லாத இடத்திலேயே சற்று ஏறியிருப்பதால், கொங்கிலும் 42 வரை தானாகவே வந்திருக்கும் என்று கொள்ளலாம். மீதமுள்ள 22 ஆர்டர்தான் விளம்பரம் கொண்டுவந்தது. 12,000 ரூபாய்க்கு 22 என்றால் ஆர்டருக்கு 545 ரூபாய். மெட்டாவின் திரை 34 ஆர்டர் என்று காட்டுகிறது. அதை நம்பினால் 353 ரூபாய்தான். திரையை நம்பியவர் கூகுளைவிட இதுவே மலிவு என்று மொத்தப் பணத்தையும் இங்கே திருப்பியிருப்பார்.

545 நம் வரம்பான 500-ஐச் சற்றுத் தாண்டுகிறது. உடனே நிறுத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மாதம் 40, 60 ஆர்டர் வரும் கடையில் நான்கைந்து ஆர்டர் எந்தக் காரணமும் இல்லாமலே கூடும், குறையும். நான்கு ஆர்டர் கூடியிருந்தால் செலவு 460 ஆகியிருக்கும். ஆகவே இன்னொரு மாதம், காணொளியை மட்டும் மாற்றி, அதே முறையில் எண்ணிப் பார்ப்பதுதான் சரி. ஆயிரம் ரூபாய் ஆகியிருந்தால் பேச்சே இல்லை, நிறுத்திவிடலாம்.

மின்னஞ்சலுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். 1,800 பேரைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்து, 900 பேருக்கு ஒரு மாதம் அனுப்பி, 900 பேருக்கு அனுப்பாமல் விடுவது. அனுப்பிய பாதியில் 48 ஆர்டர், அனுப்பாத பாதியில் 33 என்று வந்தால், கடிதம் கொண்டுவந்தது 15. ஆண்டு முழுவதற்குமான முடிவை ஒரு மாதத்தை வைத்து எடுக்காமல் இதையும் இரண்டு, மூன்று மாதம் பார்க்க வேண்டும். ஆனாலும் 1,000 ரூபாய்க்கு 15 ஆர்டர் என்ற அளவில் வித்தியாசம் இருக்கும்போது மின்னஞ்சலை நிறுத்துவது பற்றிய கேள்வியே எழாது.

ஒரு மாதத்தில் ஒரு சோதனைதான் செய்ய வேண்டும். கூகுள் தொகையை ஏற்றி, காணொளியை மாற்றி, தள்ளுபடியும் கொடுத்தால் எதனால் எது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று மாதத்துக்குப் பிறகு

முதல் மாதம் நம் கடையின் பிரிப்பு இப்படி இருந்தது: மின்னஞ்சல் 2,000, தேடல் 10,000, சமூக ஊடகம் 12,000, காணொளி 3,000, கையிருப்பு 3,000. இரண்டாம் மாதம் புதுக் காணொளி எடுக்காமல், அதற்கான தொகையும் கையிருப்பில் ஒரு பங்கும் சேர்ந்து தேடலை 15,000-க்கு உயர்த்திச் சோதித்தது. மூன்றாம் மாதம் மின்னஞ்சல் சோதனை. நான்காம் மாதத்தில் பிரிப்பு மாறுகிறது: மின்னஞ்சல் 3,000, தேடல் 11,000, சமூக ஊடகம் 11,000, காணொளி 3,000, கையிருப்பு 2,000.

மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் இப்போது காரணம் இருக்கிறது. தேடலுக்கு 11,000, ஏனென்றால் அதற்குமேல் வரும் ஆர்டர் 500-ஐத் தாண்டுகிறது. சமூக ஊடகத்தில் ஆயிரம் குறைந்தது, ஏனென்றால் அது வரம்பின் விளிம்பில் நிற்கிறது. கையிருப்பு தீபாவளிக்கு. அந்தப் பருவத்தில் எண்ணெய் வாங்குபவர்களும் கூடுவார்கள். எல்லாக் கடைகளும் ஏலத்தில் இறங்குவதால் விளம்பர விலையும் ஏறும்.

மின்னஞ்சலுக்கு ஆயிரம் கூடியதற்கான காரணம்தான் இந்தக் கணக்கு முழுவதையும் பிணைக்கிறது. கடிதம் அனுப்ப அது தேவையில்லை. பார்சலுக்குள் வைக்கும் அட்டை, முகவரியைச் சரியாகப் பதிபவருக்கு அடுத்த ஆர்டரில் சிறு சலுகை என்று, புதிதாக வருபவர்களைப் பட்டியலில் சேர்க்கவே அந்தப் பணம். வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்டே சேர்க்க வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாக வைக்கிறது. 45-ஆம் நாள் கடிதம் பயன் தந்து, பத்துக்கு நான்கு பேர் நிலைத்த இடத்தில் ஐந்து பேர் நிலைத்தால் என்ன ஆகும்? பத்துப் பேர் ஓராண்டில் தரும் ஆர்டர் 30-லிருந்து 35 ஆகிறது. ஒருவர் தரும் லாபம் 1,050-லிருந்து 1,225 ஆகிறது. அதில் பாதி 600-ஐத் தாண்டுகிறது. நேற்றுவரை 545 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாத இன்ஸ்டாகிராம் ஆர்டர் இன்று கட்டுப்படியாகிறது. கூகுளிலும் மெட்டாவிலும் ஒரு ரூபாயைக்கூட மாற்றாமல், மின்னஞ்சல் அவை இரண்டுக்குமான வரம்பை உயர்த்திவிடுகிறது.

உங்கள் தொழிலுக்கு

இந்த எண்கள் வேறு தொழிலுக்குப் பொருந்தாது. ஏசி பழுது பார்ப்பவரிடம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. இயந்திரம் நின்றதும் தேடுகிறார்கள். அவருடைய பணத்தில் பெரும்பகுதி தேடலுக்குத்தான் போக வேண்டும். ஆண்டுக்கொருமுறை சர்வீஸுக்கு நினைவூட்டும் கடிதம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கைத்தறிச் சேலையில் புது வடிவமைப்பு செய்பவருக்கு இது தலைகீழ். அந்த வடிவமைப்பை யாரும் பெயர் சொல்லித் தேட முடியாது. கண்ணில் பட்டால்தான் ஆசை வரும். அவருக்குச் சமூக ஊடகமும் மின்னஞ்சலுமே முதன்மை.

மாதம் 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் மூன்றாகப் பிரிக்கவே வேண்டாம். மின்னஞ்சலோடு இன்னும் ஒரே ஒரு வழி போதும். பொருளை மக்கள் ஏற்கெனவே தேடுகிறார்களா என்று கூகுளின் `Keyword Planner` காட்டும் மாதத் தேடல் எண்ணிக்கையைப் பாருங்கள். தேடினால் தேடல் விளம்பரம். தேடவில்லை என்றால் இன்ஸ்டாகிராம்.

தொகை எதுவானாலும் மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை மூன்று. ஆர்டர் புத்தகத்தின்படி வந்த புது வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்? கடைசியாகக் கூட்டிய தொகைக்குக் கூடுதலாக வந்தவர்கள் எத்தனை பேர்? போன மாதம் வந்தவர்களில் திரும்ப வாங்கியவர்கள் எத்தனை பேர்? முதல் கேள்வி மொத்தச் செலவு வரம்புக்குள் இருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது, எந்த வழியில் பணத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லும். மூன்றாவது, அடுத்த மாதம் அந்த வரம்பை உயர்த்தலாமா என்று சொல்லும். இந்த மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதிய பிறகு, அடுத்த ஆயிரம் ரூபாய் போக வேண்டிய இடத்தைத் தேட வேண்டியிருக்காது.